முந்திரிப் பாக்கெட்டும் ஓசி வளைவும்: தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் மாலை நேரத்தில் புள்ளியியல் ட்யூஷன் எடுக்கிறேன். அதற்கு முன்பு சில வருடம் மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில் வேலை பார்த்தேன். வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரி ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பாக்கெட் போடும் பிரிவில் தரம் பார்ப்பதுதான் என் வேலை. சரக்கில் சிலவற்றை மட்டும் சோதித்து முழுவதையும் ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற ஏற்புக் கூறெடுப்புப் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் ஏறக்குறைய இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். நானும் அதே முந்திரிப் பாக்கெட்டை வைத்தே பதில் சொல்கிறேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே கணக்குத்தான் ஓடும்.

"சார், பரீட்சையில் வருகிற மாதிரி ஒரு கணக்கை முதலில் முழுசாகப் போட்டுக் காட்டுங்களேன்."

கால் கிலோ முந்திரிப் பாக்கெட் 3000 ஒரு லாட். அதிலிருந்து 100 பாக்கெட்டை எடுத்துச் சோதிக்கிறோம். இரண்டு வரை குறைப் பாக்கெட் வந்தால் லாட்டை ஏற்கலாம். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் நிராகரிக்க வேண்டும். ஏற்கத்தக்க தர அளவு, அதாவது ஏ.க்யூ.எல்., 1%. லாட்டில் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை வீதம், அதாவது எல்.டி.பி.டி., 5%. உற்பத்தியாளர் இடரும் நுகர்வோர் இடரும் எவ்வளவு? இதுதான் கேள்வி.

குறை என்றால் இங்கே சீல் கசிவது. பாக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்தால், ஒட்டிய ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவு குமிழி வரிசையாக மேலே ஏறும். ஏறினால் அது குறைப் பாக்கெட். சீல் விழுகிற இடத்தில் பருப்புத் தூள் ஒட்டியிருந்தாலும், சுருக்கம் விழுந்தாலும், சீல் பட்டையின் சூடு குறைந்தாலும் இப்படி ஆகும். கசிந்தால் உள்ளே காற்றும் ஈரமும் போகும், பருப்பு நமுத்துச் சிக்கு வாடை அடிக்கும்.

கணக்குக்கு வருவோம். சோதிக்க எடுக்கிற பாக்கெட் n = 100, ஏற்க அனுமதிக்கிற அதிகபட்சக் குறைப் பாக்கெட் c = 2. லாட்டில் குறை வீதம் p என்றால், எடுத்த 100-இல் சராசரியாக np குறைப் பாக்கெட் வரும். பாய்சான் பரவலை வைத்து, இரண்டு வரை வருவதற்கான நிகழ்தகவு:

```
Pa = e^(-np) × [1 + np + (np)²/2]
```

முதலில் p = 0.01. அப்போது np = 1. e^(-1) = 0.3679. அடைப்புக்குள் 1 + 1 + 0.5 = 2.5. பெருக்கினால் Pa = 0.9197. நல்ல லாட்டை ஏற்கிற வாய்ப்பு இது. உற்பத்தியாளர் இடர் என்பது நல்ல லாட் நிராகரிக்கப்படும் வாய்ப்பு. ஆகவே α = 1 − 0.9197 = 0.0803, சுமார் 8%.

அடுத்து p = 0.05. np = 5. e^(-5) = 0.00674. அடைப்புக்குள் 1 + 5 + 12.5 = 18.5. Pa = 0.1247. மோசமான லாட்டை ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பே நுகர்வோர் இடர். ஆகவே β = 0.1247, சுமார் 12.5%. இங்கே 1-இலிருந்து கழிக்கக் கூடாது. அந்த ஒரு கழித்தலில்தான் பாதிப் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

"எதற்குக் கழிக்கணும், எதற்குக் கழிக்கக் கூடாது என்று எனக்கு எப்பவும் குழம்பிவிடுகிறது. மனப்பாடம் பண்ணத்தான் வேண்டுமா?"

வேண்டாம். யார் அழுவார்கள் என்று யோசித்தால் போதும்.

ஆலைக்காரர் 1% மட்டுமே குறையுள்ள நல்ல லாட்டை அனுப்புகிறார். வாங்குபவர் எடுத்த நூறில் துரதிர்ஷ்டமாக மூன்று கசிவுப் பாக்கெட் விழுந்துவிடுகிறது. சரக்கு திரும்பி வருகிறது. லாரி வாடகை, மறுபடி பிரித்து ஒட்டும் கூலி எல்லாம் ஆலைக்காரர் தலையில். அழுவது உற்பத்தியாளர், அவர் அழுவது நிராகரிப்பால். Pa என்பது ஏற்கிற வாய்ப்பு. நிராகரிக்கிற வாய்ப்பு வேண்டுமானால் 1-இலிருந்து கழித்துத்தானே ஆக வேண்டும்?

இன்னொரு நாள் 5% குறையுள்ள லாட் வருகிறது. எடுத்த நூறில் ஒன்றோ இரண்டோதான் சிக்குகிறது. விதிப்படி ஏற்றாயிற்று. அழப்போவது கடைக்காரரும் அவரிடம் வாங்கித் தின்பவரும். அவர்கள் அழுவது ஏற்பால். Pa அப்படியே β ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். α-வைக் கணக்கிட ஏ.க்யூ.எல்.லை மட்டும் தொட்டோம், β-வுக்கு எல்.டி.பி.டி.யை மட்டும். இரண்டும் ஒரே p-யில் கணக்கிடுவதல்ல. "α + β = 1 தானே சார்?" என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார். இங்கே கூட்டினால் 0.205 வருகிறது. அந்தக் கூட்டுத்தொகைக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

"ஓ.சி. வளைவு வரையச் சொன்னால் எத்தனை புள்ளி எடுக்கணும்? என் வளைவு நேர்கோடு மாதிரியே வருகிறது."

லாட்டின் குறை வீதம் கூடக்கூட அதை ஏற்கிற வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்று காட்டுவதுதான் ஓ.சி. வளைவு. பெயரில் ஓசி இருந்தாலும் இந்த வளைவு ஓசியில் வராது, ஏழெட்டுப் புள்ளி கணக்கிட்டே ஆக வேண்டும். நம்முடைய n = 100, c = 2 திட்டத்துக்கு மேலே சொன்ன சூத்திரத்திலேயே np-யை மாற்றி மாற்றிப் போட்டால் இவை கிடைக்கும்:

| p (%) | np | Pa |
|---|---|---|
| 0 | 0 | 1.0000 |
| 0.5 | 0.5 | 0.9856 |
| 1 | 1 | 0.9197 |
| 2 | 2 | 0.6767 |
| 3 | 3 | 0.4232 |
| 4 | 4 | 0.2381 |
| 5 | 5 | 0.1247 |
| 6 | 6 | 0.0620 |

கிடை அச்சில் p, செங்குத்து அச்சில் Pa. பலர் இரண்டு மூன்று புள்ளி எடுத்து ஸ்கேல் வைத்து இணைக்கிறார்கள், அதனால்தான் நேர்கோடாகிறது. 0-க்கும் 1%-க்கும் நடுவில் ஒரு புள்ளி கட்டாயம் எடுங்கள். மேலே தோள் மாதிரி ஒரு வளைவு இருக்கிறதே, அது அங்கேதான் தெரியும். அப்புறம் சரசரவென்று இறங்கி, கடைசியில் அடியை ஒட்டி இழுத்துக்கொண்டு போகும். எங்கே மிகச் செங்குத்தாக இறங்கும் என்பதற்கு ஒரு சுலப வழி உண்டு: பாய்சான் கணக்கில் அது p = c/n என்ற இடம். இங்கே 2/100, அதாவது 2%. கையால் வரையும்போது இது பெரிய உதவி.

வரைந்த பிறகு 1%-இலும் 5%-இலும் நிலைக்கோடு போடுங்கள். 5% கோட்டில், அடி அச்சிலிருந்து வளைவு வரையுள்ள உயரம்தான் β. 1% கோட்டில், வளைவிலிருந்து மேலே 1 என்ற மட்டம் வரையுள்ள இடைவெளி α. α-வைக் கீழிருந்து குறித்துவிட்டால் படம் தப்பு. விடைத்தாளில் நான் அதிகம் பார்க்கும் தப்பும் இதுதான்.

"கணக்கில் 3000 கொடுத்திருக்கிறார்கள், அதை நாம் தொடவே இல்லையே. ஏதாவது விட்டுவிட்டோமா?"

இல்லை. எடுத்த 100 என்பது 3000-இல் முப்பதில் ஒரு பங்குதான். லாட்டோடு ஒப்பிட்டால் கூறு இவ்வளவு சிறிதாக இருக்கும்போது லாட் 3000 ஆனாலும் 10,000 ஆனாலும் Pa ஏறக்குறைய மாறாது. லாட் ரொம்பச் சின்னதாக, உதாரணமாக 200 பாக்கெட்டாக இருந்து அதில் 100 எடுத்தால் அதிபெருக்குப் பரவலுக்கு, அதாவது ஹைப்பர்ஜியோமெட்ரிக்குக்குப் போக வேண்டும். பரீட்சையில் கூறு லாட்டில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் கவலைப்படாமல் லாட்டின் அளவான N-ஐ விட்டுவிடலாம்.

இது வெறும் பரீட்சை விஷயம் இல்லை. பல இடங்களில் "லாட்டில் 10% பார்த்துவிடு, ஒன்றும் கசியாவிட்டால் அனுப்பு" என்று ஒரு வழக்கம் உண்டு. நியாயமாகத்தான் தெரியும். 2% குறையுள்ள இரண்டு லாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100 பாக்கெட் லாட்டில் 10 பார்ப்போம்: np = 0.2, ஏற்கிற வாய்ப்பு e^(-0.2) = 0.8187. 1000 பாக்கெட் லாட்டில் 100 பார்ப்போம்: np = 2, வாய்ப்பு 0.1353. குறை வீதம் ஒன்றேதான். ஆனாலும் சின்ன லாட் 82% தப்பிக்கிறது, பெரிய லாட் 14%கூடத் தப்பிப்பதில்லை. தீர்மானிப்பது n எத்தனை என்பது, அது லாட்டில் எத்தனை சதவீதம் என்பதல்ல.

"பாய்சானில் போடணுமா, பைனாமியலில் போடணுமா?"

n பெரிதாகவும் p 0.1-க்குக் கீழாகவும் இருந்தால் பாய்சான் போதும். கேள்வியிலேயே e^(-1), e^(-5) மதிப்புகள் கொடுத்திருந்தால் அது பாய்சானில் போடச் சொல்லும் குறிப்பு. இதே கணக்கைப் பைனாமியலில் போட்டால் Pa முறையே 0.9206, 0.1183 என்று வரும். வித்தியாசம் சின்னது. எதில் போட்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் மதிப்பெண் போகாது.

"c = 0 வைத்துவிட்டால் நல்லதுதானே? ஒரு கசிவுகூட இருக்கக் கூடாது என்பதுதானே தரம்?"

என்னோடு பாக்கெட் பிரிவில் இருந்த ஓர் அக்காவும் இதைத்தான் சொல்வார்: "மக்ளே, ஒண்ணு ஓட்டையின்னாலும் ஓட்டைதானே?" பாக்கெட்டைப் பொறுத்தவரை சரி. லாட்டைப் பொறுத்தவரை என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

n = 100, c = 0. இப்போது Pa = e^(-np) மட்டும்தான். 5% குறையுள்ள லாட்டில் Pa = 0.0067, நுகர்வோர் இடர் ஒரு சதவீதத்துக்கும் கீழே. வாங்குபவருக்குக் கொண்டாட்டம். ஆனால் 1% குறையுள்ள லாட்டில் Pa = 0.3679. அதாவது α = 0.6321. "இது நல்ல லாட்" என்று இருவரும் ஒப்புக்கொண்ட தரத்தில் அனுப்பியும், நூற்றுக்கு 63 லாட் திரும்பி வரும்! அந்த நிலையில் எந்த ஆலைக்காரரும் ஒன்று விலையை ஏற்றுவார், இல்லை சரக்கே வேண்டாம் என்பார்.

படத்தில் பார்த்தால் c = 0 வளைவுக்குத் தோளே இருக்காது. 1-இல் தொடங்கி, தொடங்கிய இடத்திலிருந்தே சரியும். அந்தத் தோள்தான் உற்பத்தியாளருக்கு இருக்கிற பாதுகாப்பு.

c = 0 எப்போதுமே தவறு என்று சொல்லவில்லை. குறை உயிருக்கு ஆபத்தானது என்றால் அப்படித்தான் வைப்பார்கள். சீல் கசிவு அந்த வகை இல்லை.

"அப்படியானால் இரண்டு இடரையும் ஒரே சமயத்தில் குறைக்க முடியாதா?"

முடியும், அதிகப் பாக்கெட் சோதிக்கத் தயாராக இருந்தால். n-ஐ மாற்றாமல் c-யை மட்டும் ஏற்றினால் α குறையும், β கூடும். இறக்கினால் நேர் எதிர். இரண்டும் குறைய வேண்டுமானால் n-ஐயும் c-யையும் சேர்த்து உயர்த்த வேண்டும்.

c/n விகிதம் மாறாத மூன்று திட்டத்தை எடுங்கள். 50-க்கு 1 என்றால் α = 9.0%, β = 28.7%. 100-க்கு 2 என்றால் நாம் பார்த்த 8.0%, 12.5%. 200-க்கு 4 என்றால் α = 5.3%, β = 2.9%. "50-க்கு ஒன்று, 100-க்கு இரண்டு, எல்லாம் ஒன்றுதானே" என்று தோன்றும். β-வைப் பார்த்தால் ஒன்றில்லை என்று தெரியும். n கூடக்கூட வளைவு செங்குத்தாகிறது. லாட் முழுவதையும் தவறில்லாமல் சோதித்தால் அது படிக்கட்டு மாதிரி நேராக விழும். அதைத்தான் இலட்சிய ஓ.சி. வளைவு என்கிறோம். 200 பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கி, துடைத்து, காயவைத்து மறுபடி அடுக்குகிறவர் கையைப் பார்த்தால் எல்லோரும் ஏன் இலட்சிய வளைவுக்குப் போவதில்லை என்பது விளங்கும்.

"β = 12.5% என்றால், நாம் ஏற்ற லாட்டுகளில் 12.5% மோசமானவை என்றுதானே அர்த்தம்?"

இது நல்ல மாணவர்களையும் சறுக்க வைக்கிற இடம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

β என்பது "லாட் 5% குறையுள்ளது" என்று தெரிந்தபின், அதை ஏற்கிற வாய்ப்பு. நீங்கள் கேட்பது தலைகீழ்: ஏற்றாயிற்று, அது மோசமானதாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? இதற்கு ஓ.சி. வளைவு மட்டும் பதில் சொல்லாது. என்ன மாதிரிச் சரக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

நல்ல ஆலை ஒன்று 100 லாட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 லாட்டில் குறை 1%, 10 லாட்டில் 5%. நல்லவற்றில் 90 × 0.9197, சுமார் 82.8 ஏற்கப்படும். மோசமானவற்றில் 10 × 0.1247, சுமார் 1.2. ஏற்ற 84 லாட்டில் மோசமானது 1.2, அதாவது ஒன்றரை சதவீதம்தான்.

இப்போது சீல் இயந்திரத்தைக் கவனிக்காத ஓர் ஆலை. 10 லாட் நல்லது, 90 லாட் மோசம். நல்லவற்றில் 9.2 ஏற்கப்படும், மோசமானவற்றில் 11.2. ஏற்றவற்றில் பாதிக்கு மேல், சுமார் 55%, மோசம்! திட்டமும் அதேதான், β-வும் அதேதான். சரக்கு மாறியதும் விளைவு தலைகீழாகிவிட்டது.

விடைத்தாளில் β-வை விளக்கச் சொன்னால் "எல்.டி.பி.டி. தரமுள்ள லாட் ஏற்கப்படுவதற்கான நிகழ்தகவு" என்று எழுதுங்கள். "ஏற்கப்பட்ட லாட் மோசமாக இருப்பதற்கான நிகழ்தகவு" என்று எழுதினால் அது வேறு விஷயம்.

"கணக்கெல்லாம் சரி. நிஜத்தில் இந்த வளைவு சொல்கிறபடி நடக்குமா?"

எடுக்கிற 100 பாக்கெட்டும் லாட் முழுவதிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததாக இருந்தால் நடக்கும். அங்கேதான் சிக்கல்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் பிற்பகலில் கரண்ட் போய் வந்தது. சீல் பட்டை முழுச் சூடேறும் முன்பே ஓட்டத் தொடங்கிவிட்டோம். அந்த அரைமணி நேரப் பாக்கெட்டெல்லாம் நாலைந்து அட்டைப்பெட்டிகளுக்குள் போய், அடுக்கின் அடியில் கிடந்தன. மாலையில் சோதிக்கும்போது நான் கைக்கு எட்டிய மேல் பெட்டிகளிலிருந்து நூறை எடுத்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை, லாட் போயிற்று. சரக்கு போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து வந்த போனை அப்புறம் நான்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வளைவின் மேல் தப்பு இல்லை. குறை லாட் முழுக்கச் சிதறிக் கிடந்தாலும், ஒரே மூலையில் குவிந்து கிடந்தாலும், சமவாய்ப்பாக எடுத்தால் Pa ஒன்றுதான். நான் சமவாய்ப்பாக எடுக்கவில்லை. அதன் பிறகு பெட்டிகளுக்கு எண் போட்டு, சீட்டுக் குலுக்கி எந்தெந்தப் பெட்டி என்று முடிவு செய்தோம்.

"α, β இரண்டையும் கொடுத்துவிட்டு n, c கண்டுபிடி என்று கேட்டால்?"

கணக்கு தலைகீழாகும், அவ்வளவுதான். α = 5%, β = 10% என்பதுதான் பெரும்பாலும் வரும். இந்த 10% நுகர்வோர் இடர் பழைய வழக்கம். பெல் ஆய்வகத்தில் டாட்ஜும் ரோமிக்கும் போட்ட அட்டவணைகளிலேயே அது இருக்கிறது. அவர்களுடைய முதல் கட்டுரை 1929-இல் வந்தது.

ஏ.க்யூ.எல். 1%, எல்.டி.பி.டி. 5% என்றே வைப்போம். இரண்டுக்கும் உள்ள விகிதம் 5. இனி ஒவ்வொரு c-க்கும் Pa 0.95 ஆகிற np எது, Pa 0.10 ஆகிற np எது என்று அட்டவணையில் பார்க்க வேண்டும். c = 2-க்கு 0.818, 5.322. விகிதம் 6.5. நமக்குத் தேவையான 5-ஐ விடப் பெரிது, ஆகவே இந்த c போதாது. c = 3-க்கு 1.366, 6.681. விகிதம் 4.89. 5-க்குள் வந்துவிட்டது. c = 3 என்று வைத்துக்கொள்கிறோம்.

இப்போது n. உற்பத்தியாளர் பக்கம்: np 1.366-ஐத் தாண்டக் கூடாது, p = 0.01. ஆகவே n அதிகபட்சம் 136. நுகர்வோர் பக்கம்: np 6.681-க்குக் குறையக் கூடாது, p = 0.05. 6.681 / 0.05 = 133.6, ஆகவே n குறைந்தது 134. இந்த இரண்டுக்கும் நடுவில் 134, 135, 136 எதை எழுதினாலும் இரண்டு நிபந்தனையும் நிறைவேறும். நான் 134 என்று எழுதச் சொல்வேன், தொட்டியில் முக்க வேண்டிய பாக்கெட்டில் இரண்டு குறையுமே.